பகுதி F சோதனை: வாவியோர வயல்களின் உப்பு அளவீடுகளை வைத்து ஒரு விளக்கம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"படுவான்கரையில் 48 வயல்களின் பெரும்போக விளைச்சலைப் பிற்செலவில் போட்டேன். யூரியா, விதைத்த நாள், நெல் இனம் ஆகியவற்றோடு மண்ணின் மின்கடத்துதிறன், சோடியம், குளோரைட்டு மூன்றையும் சேர்த்தேன். இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடப் பொருண்மை வரவில்லை. மூன்றையும் நீக்கிவிடலாமா?"

அந்த அட்டவணையை மட்டும் பார்த்து நீக்க வேண்டாம். ஒவ்வொரு குணகத்துக்கும் அருகில் அச்சிடப்படும் t சோதனை மிகக் குறுகலான ஒரு வினாவுக்கே விடை சொல்கிறது: மற்ற எல்லா மாறிகளும் மாதிரியுருவில் இருக்கும்போது இந்த ஒன்று புதிதாக எதையாவது சேர்க்கிறதா என்பதே அந்த வினா. மின்கடத்துதிறன், சோடியம், குளோரைட்டு ஆகிய மூன்றும் வாவி நீரிலிருந்து வயலுக்கு ஏறும் அதே உப்பைத்தான் வெவ்வேறு வழிகளில் அளக்கின்றன. ஆகவே ஒன்றை நீக்கினால் மற்ற இரண்டும் அதன் வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுகின்றன, அதனால் மூன்றும் தனித்தனியே தேவையற்றவை போலத் தோன்றுகின்றன. மூன்றையும் ஒருசேர நீக்கினால் என்ன இழக்கிறோம் என்பது வேறொரு வினா. அதற்குரிய சோதனைதான் பகுதி F சோதனை.

இப்பக்கத்தில் வரும் எண்கள் யாவும் கணக்கை விளக்குவதற்காக அமைக்கப்பட்டவை. எந்த ஆய்வின் முடிவுகளும் அல்ல. விளைச்சல் ஏக்கருக்கு எத்தனை புசல் என்ற அளவில் உள்ளது.

"இரண்டு மாதிரியுருக்களை ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். எந்த இரண்டும் சரியா?"

சரியல்ல. சிறிய மாதிரியுரு பெரியதற்குள் முழுவதுமாக அடங்கியிருக்க வேண்டும். அதாவது பெரிய மாதிரியுருவின் சில குணகங்களைச் சூனியம் என்று வைத்தால் சிறியது அப்படியே கிடைக்க வேண்டும். நம் உதாரணத்தில் சிறியதில் யூரியா, விதைத்த நாள், நெல் இனம் ஆகியன உள்ளன. பெரியதில் இவற்றோடு மூன்று உப்பு அளவீடுகளும் உள்ளன. அந்த மூன்று குணகங்களையும் சூனியமாக்கினால் சிறியது வருகிறது, எனவே ஒப்பிடலாம். இதுவே நம் சூனியக் கருதுகோளுமாகும்: மூன்று குணகங்களும் ஒருங்கே சூனியம்.

ஒன்றில் விளைச்சலையும் மற்றதில் விளைச்சலின் மடக்கையையும் வைத்தால் அடக்கம் இல்லை. ஒன்றில் சோடியத்தை மட்டும், மற்றதில் குளோரைட்டை மட்டும் வைத்தாலும் இல்லை. அத்தகைய சோடிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

"உப்பு அளவீடுகளைச் சேர்த்ததும் R² 0.61 இலிருந்து 0.70 ஆனது. கூடியதே போதுமான சான்று இல்லையா?"

போதாது, ஏனெனில் எந்த மாறியைச் சேர்த்தாலும் R² குறையாது. வயல் உரிமையாளரின் தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கத்தை ஒரு மாறியாகச் சேர்த்தாலும் மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை சற்றாவது குறையும். இழிவு வர்க்க முறைக்கு வளைந்து கொடுக்க இன்னொரு குணகம் கிடைக்கும்போது, அது தற்செயலான ஏற்ற இறக்கங்களையும் கொஞ்சம் தழுவிக்கொள்கிறது.

எவ்வளவு குறையும் என்பது தெரிந்தால் இந்தச் சோதனையின் உள்ளம் விளங்கிவிடும். ஒரு பயனுமற்ற மாறி ஒன்றைச் சேர்த்தால், மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை சராசரியாக வழுவின் ஒரு மாறற்றிறன் அளவு குறையும். பயனற்ற மூன்றைச் சேர்த்தால் சராசரியாக மூன்று மாறற்றிறன் அளவு குறையும். ஆகவே "குறைந்ததா" என்பது வினாவல்ல. "பயனற்ற மூன்று மாறிகள் குறைத்திருக்கக்கூடியதை விட எத்தனை மடங்கு குறைந்தது" என்பதே வினா. F என்பது அந்த மடங்குதான். குழுவுக்குப் பயனில்லை என்றால் அது 1 ஐ ஒட்டி நிற்கும்.

"கணக்கைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?"

சிறிய மாதிரியுருவில் மதிப்பிடப்படும் எண்கள் ஐந்து: வெட்டுத்துண்டு, யூரியா, விதைத்த நாள், மூன்று நெல் இனங்களுக்காக இரண்டு போலி மாறிகள். எனவே மீதியின் சுயாதீனப் படி 48 − 5 = 43. அதன் மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 3870 என்று கொள்வோம். பெரிய மாதிரியுருவில் எண்கள் எட்டு, சுயாதீனப் படி 40, மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 3000.

```
F = ((RSS0 - RSS1) / q) / (RSS1 / (n - k))
  = ((3870 - 3000) / 3) / (3000 / 40)
  = 290 / 75
  = 3.87
```

இங்கே RSS0 சிறியதற்கும் RSS1 பெரியதற்கும் உரிய மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகைகள். n என்பது வயல்களின் எண்ணிக்கை. q என்பது சோதிக்கப்படும் குணகங்களின் எண்ணிக்கை. k என்பது பெரிய மாதிரியுருவில் வெட்டுத்துண்டு உட்பட உள்ள எண்களின் தொகை. கீழே உள்ள 75 என்பது வழுவின் மாறற்றிறனுக்கான நம் மதிப்பீடு. பயனற்ற மூன்று மாறிகள் என்றால் சுமார் 225 குறைந்திருக்கும். இங்கேயோ 870 குறைந்திருக்கிறது.

இந்த 3.87 ஐ 3 உம் 40 உம் சுயாதீனப் படிகளாகக் கொண்ட F பரம்பலுடன் ஒப்பிடுகிறோம். 5 வீதப் பொருண்மை மட்டத்தின் எல்லைப் பெறுமானம் 2.84, 1 வீதத்தின் எல்லை 4.31. நமது பெறுமானம் இரண்டுக்கும் இடையே விழுகிறது. p ஏறத்தாழ 0.016. மூன்று உப்பு அளவீடுகளும் ஒருங்கே பயனற்றவை என்ற கருதுகோளை 5 வீத மட்டத்தில் நிராகரிக்கலாம்.

R² மட்டுமே கையில் இருந்தாலும் இதே விடையைப் பெறலாம். மொத்த வர்க்கக் கூட்டுத்தொகை 10000 என்றால் சிறியதன் R² 0.613, பெரியதன் R² 0.700. அவற்றின் வித்தியாசத்தை 3 ஆல் வகுத்தால் 0.029, எஞ்சிய 0.300 ஐ 40 ஆல் வகுத்தால் 0.0075; விகிதம் மீண்டும் 3.87. ஆய்வறிக்கைகளில் R² மட்டும் அச்சிடப்பட்டிருக்கும்போது இந்த வடிவம் கைகொடுக்கும். ஆனால் இரண்டு தசம தானங்களுக்கு மட்டந்தட்டிய 0.61, 0.70 ஐ வைத்துக் கணித்தால் F 4.00 ஆகிவிடுகிறது. மூன்று தானங்களாவது தேவை.

"கணினியில் எப்படிச் செய்வது?"

ஆர் மென்பொருளில் மூன்று வரிகள் போதும்.

```
m0 <- lm(yield ~ urea + sowday + variety, data = d)
m1 <- update(m0, . ~ . + ec + sodium + chloride)
anova(m0, m1)
```

எக்செல்லில் இரண்டு பிற்செலவுகளையும் தனித்தனியே ஓட்டி, F ஐக் கையால் கணித்து, p ஐ `=F.DIST.RT(3.87,3,40)` என்று பெறலாம். எஸ்பிஎஸ்எஸ்ஸில் சிறிய மாதிரியுருவின் மாறிகளை முதல் தொகுதியாகவும் உப்பு அளவீடுகளை இரண்டாம் தொகுதியாகவும் இட்டு, `R squared change` என்ற பெட்டியைத் தெரிவுசெய்தால் `F Change` என்ற நிரலில் இதே எண் வரும்.

ஆர் மென்பொருளில் `anova(m1)` என்று ஒரு மாதிரியுருவை மட்டும் கொடுத்தால் வேறொரு அட்டவணை வருகிறது. அது மாறிகளை எழுதிய ஒழுங்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிக்கிறது. ஒழுங்கை மாற்றினால் எண்களும் மாறும். ஆய்வேடுகளில் இந்த அட்டவணையைக் குழுச் சோதனை என்று எண்ணி எடுத்தாள்வதை அடிக்கடி காண்கிறேன்.

"t மூன்றும் 'வேண்டாம்' என்கின்றன, F 'வேண்டும்' என்கிறது. யாரை நம்புவது?"

இரண்டும் உண்மையே சொல்கின்றன. பெரிய மாதிரியுருவில் மின்கடத்துதிறனின் t பெறுமானம் 1.2, சோடியத்தினுடையது 0.5, குளோரைட்டினுடையது 0.6 என்று கொள்வோம். ஒரு மாறியை மட்டும் நீக்கினால் வரும் பகுதி F, அதன் t இன் வர்க்கத்துக்குச் சரியாகச் சமன். ஆகவே மின்கடத்துதிறனை மட்டும் நீக்கினால் மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 1.44 × 75 = 108 தான் கூடும்; சோடியத்தை மட்டும் நீக்கினால் ஏறத்தாழ 19, குளோரைட்டை மட்டும் நீக்கினால் 27. இவற்றைக் கூட்டினால் 154 தான் வருகிறது. ஆனால் மூன்றையும் ஒன்றாக நீக்கும்போது கூடுவது 870. இடையிலுள்ள பெரும் பகுதி மூன்றுக்கும் பொதுவான தகவல். எந்த t சோதனையும் அதை எந்த மாறியின் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

ஆகவே t சோதனைகள் "எந்த உப்பு அளவீடு என்று பிரித்தறிய இத்தரவுக்கு வலுவில்லை" என்கின்றன. F சோதனை "உப்புக்கு விளைச்சலோடு தொடர்பு உண்டு" என்கிறது. குழுவை வைப்பதா நீக்குவதா என்ற தீர்மானத்துக்கு உரியது F.

"அப்படியானால் மூன்றையும் வைத்திருக்க வேண்டுமா? சோடியமும் குளோரைட்டும் ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் அளக்க வேண்டும், செலவு அதிகம்."

இந்தச் சோதனை உண்மையில் பயன்படும் இடம் இதுவே. குழு முழுவதும் பயனற்றதல்ல என்று அறிந்த பின், அடுத்த வினாவையும் அதே கருவியால் கேட்கலாம்: மின்கடத்துதிறன் ஏற்கெனவே இருக்கும்போது மற்ற இரண்டும் ஏதாவது சேர்க்கின்றனவா? இதற்கு நடுவில் ஒரு மாதிரியுரு வேண்டும். அதில் மின்கடத்துதிறன் மட்டும் சேர்க்கப்பட்டிருக்கும். அதன் மீதிகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 3105, சுயாதீனப் படி 42 என்க.

சோடியத்துக்கும் குளோரைட்டுக்குமான F: (3105 − 3000)/2 = 52.5, அதை 75 ஆல் வகுத்தால் 0.70. எல்லைப் பெறுமானம் 3.23 ஐ இது எட்டவே இல்லை. பயனற்ற இரு மாறிகளிடமிருந்து சராசரியாக எதிர்பார்ப்பதை விடவும் குறைவு. மறுபக்கம், சிறிய மாதிரியுருவோடு மின்கடத்துதிறனை மட்டும் சேர்த்தால் F = 765 / (3105/42) = 10.35, p 0.01 ஐ விடக் குறைவு. மூன்றும் சேர்ந்து குறைத்த 870 இல் 765 ஐ இந்த ஒன்றே குறைத்துவிடுகிறது. மின்கடத்துமானி வயலிலேயே அளக்கக்கூடிய கருவி. அடுத்த போகத்தில் ஆய்வுகூடச் செலவை விட்டு, அந்தப் பணத்தில் மேலும் பல வயல்களை அளப்பதே நல்லது என்பது என் கருத்து.

இங்கே இரண்டு கவனங்கள் தேவை. மின்கடத்துதிறனைத் தெரிந்தெடுத்தது அது மலிவானது என்ற காரணத்துக்காக, தரவைப் பார்க்கும் முன்பே, என்றால் மேலுள்ள p நேர்மையானது. மூன்றையும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, எது நன்றாக வந்ததோ அதை எடுத்துவிட்டு அதே தரவில் சோதித்தால் p உண்மையில் இருக்க வேண்டியதை விடச் சிறிதாக வரும். மற்றது, மண்ணை நிறைவுப் பசையாக்கி எடுத்த சாற்றின் மின்கடத்துதிறனும், ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு நீரில் கலக்கி அளந்த மின்கடத்துதிறனும் ஒன்றல்ல. இரண்டாவது முறையில் பெறுமானம் மிகக் குறைவாக வரும். ஒரே நிரலில் இரண்டையும் கலந்தால் எந்தச் சோதனையாலும் காப்பாற்ற முடியாது.

"மூன்று மாதிரியுருக்களையும் ஒரே கட்டளையில் கொடுத்தேன். F 10.35 வரவில்லை, 10.20 வந்தது. ஏன்?"

ஆர் மென்பொருள் பல மாதிரியுருக்களை ஒன்றாகக் கொடுக்கும்போது, எல்லாப் படிகளுக்கும் மிகப்பெரிய மாதிரியுருவின் வழு மாறற்றிறனையே கீழே வைக்கிறது. ஆகவே 765 ஐ 3105/42 ஆல் வகுக்காமல் 75 ஆல் வகுக்கிறது. எஸ்பிஎஸ்எஸ்ஸின் `F Change` அந்தந்தப் படியின் மாதிரியுருவையே எடுக்கிறது. இரண்டு வழிகளும் ஏற்கத்தக்கவை. எதைச் செய்தீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

"ஐந்து வயல்களுக்குக் குளோரைட்டு அளவீடு இல்லை. அதனால் ஏதும் பாதிப்பு உண்டா?"

உண்டு. பெரிய மாதிரியுரு அந்த ஐந்து வயல்களையும் விட்டுவிட்டு 43 இல் பொருத்தப்படும், சிறியதோ 48 இலும் பொருத்தப்படும். அப்போது இரண்டு மீதிக் கூட்டுத்தொகைகளின் வித்தியாசத்தில் மாறிகளின் பயனோடு ஐந்து வயல்களின் மீதிகளும் கலந்துவிடுகின்றன. அதனால் F பெருத்து, இல்லாத பயன் இருப்பதாகக் காட்டும். ஆர் மென்பொருள் `models were not all fitted to the same size of dataset` என்று சொல்லி நின்றுவிடும். எக்செல்லில் கையால் கணிப்பவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு சுயாதீனப் படிகளின் வித்தியாசம், சேர்த்த குணகங்களின் எண்ணிக்கைக்குச் சமனா என்று பாருங்கள். நம் கணக்கில் 43 − 40 = 3. அங்கே 43 − 35 = 8 என்று வந்தால் தரவு ஒன்றல்ல.

தீர்வு, பெரிய மாதிரியுருவின் எல்லா மாறிகளும் உள்ள வயல்களை முதலில் தெரிந்தெடுத்து, இரண்டையும் அவற்றிலேயே பொருத்துவது.

```
v <- c("yield","urea","sowday","variety","ec","sodium","chloride")
d <- na.omit(raw[, v])
```

அந்த ஐந்து வயல்களும் ஏன் விடுபட்டன என்பதையும் கேட்டறியுங்கள். மண் எடுக்கப் போன நாளில் வெள்ளம் நின்ற தாழ்ந்த வயல்கள் அவை என்றால், உப்பு மிகுந்த வயல்களே கணக்கிலிருந்து போய்விட்டன.

"p 0.016 என்றால் உப்பை அளப்பது பயனுள்ளது என்று முடிவு செய்யலாமா?"

தொடர்பு இருக்கிறது என்பதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. எவ்வளவு பயன் என்பதை F சொல்வதில்லை. வழுவின் நியம விலகல் சிறிய மாதிரியுருவில் ஏறத்தாழ 9.5 புசல், பெரியதில் 8.7 புசல். தனியொரு வயலின் விளைச்சலை எதிர்வுகூறுவதே நோக்கம் என்றால், ஒரு புசலுக்கும் குறைந்த இந்த முன்னேற்றம் பெரிதல்ல.

நோக்கம் உப்பின் விளைவை அறிவது என்றால் குணகத்தைப் பாருங்கள். மின்கடத்துதிறன் மட்டும் உள்ள மாதிரியுருவில் அதன் குணகம் −4.5, நியம வழு 1.4 என்று கொண்டால், மீற்றருக்கு ஒரு டெசிசீமென் கூடும்போது ஏக்கருக்கு சுமார் 1.7 இலிருந்து 7.3 புசல் வரை குறைகிறது என்பது 95 வீத நம்பிக்கை ஆயிடை. நான்கு டெசிசீமென் வித்தியாசமுள்ள இரு வயல்களுக்கிடையே 18 புசல் என்பது விவசாயிக்குச் சிறிய தொகையல்ல.

நெல் நிறைவுப் பசைச் சாற்றில் ஏறத்தாழ 3 டெசிசீமென் வரை தாங்கி, அதற்கு மேலேதான் விளைச்சலை இழக்கத் தொடங்குகிறது என்பது பொதுவாக எடுத்தாளப்படும் அளவு. எனவே நேர்கோடு பொருந்துகிறதா என்றும் கேட்கலாம்: 3 ஐத் தாண்டிய பகுதியை ஒரு மேலதிக மாறியாகச் சேர்த்து, அதே பகுதி F சோதனையால் பாருங்கள்.

"F பொருண்மை பெறாவிட்டால் குழு பயனற்றது என்று எழுதலாமா?"

கூடாது. 48 வயல்கள் குறைவு, சிறிய விளைவு தவறிப்போகலாம். குழுவின் அமைப்பும் முக்கியம்: பயனுள்ள ஒரு மாறியோடு பயனற்ற ஏழைச் சேர்த்துச் சோதித்தால், அந்த ஒன்றின் பங்களிப்பு எட்டால் வகுக்கப்பட்டு F சரிந்துவிடும். ஆகவே ஒரே வினாவுக்கு விடை சொல்லும் மாறிகளை மட்டும் ஒரு குழுவாகக் கட்டுங்கள்.

"நெல் இனத்தின் இரண்டு போலி மாறிகளில் ஒன்றுக்கு மட்டும் பொருண்மை வந்தது. மற்றதை எடுத்துவிடவா?"

வேண்டாம். எந்த இனத்தை அடிப்படையாக வைத்தீர்கள் என்பதைப் பொறுத்து அந்த t மாறும். இரண்டையும் சேர்த்து நீக்கிப் பார்க்கும் F மாறாது. அதையே பயன்படுத்துங்கள்.

"என் 48 வயல்களும் ஆறு வட்டைகளில் உள்ளன. இதைப் பற்றி யாரும் கேட்பார்களா?"

கேட்க வேண்டும். ஒரே வட்டையில் உள்ள வயல்கள் ஒரே வாய்க்காலில் நீர் பெறுகின்றன, அநேகமாக ஒரே வாரத்தில் விதைக்கின்றன, ஒரே வெள்ளத்தில் மூழ்குகின்றன. அவற்றின் வழுக்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போகும். F சோதனையோ 48 வழுக்களும் ஒன்றையொன்று சாராதவை என்று எடுத்துக்கொள்கிறது. உப்பும் வயலுக்கு வயல் மாறுவதை விட வட்டைக்கு வட்டையே மாறுகிறது என்றால், உப்பைப் பற்றி உண்மையில் உங்களிடம் இருப்பது 48 அவதானங்கள் அல்ல, ஆறுக்குச் சற்று மேல். அப்போது 0.016 என்பது மிகையான நம்பிக்கை.

மீதிகளை வட்டை வாரியாக வரைந்து பாருங்கள். ஒரு வட்டையின் மீதிகள் எல்லாம் மேலேயும் இன்னொன்றினுடையவை எல்லாம் கீழேயும் நின்றால் பிரச்சினை இருக்கிறது. வட்டைகளை ஐந்து போலி மாறிகளாக இரு மாதிரியுருக்களிலும் சேர்த்து, F ஐ மீண்டும் கணியுங்கள். சுயாதீனப் படி 40 இலிருந்து 35 ஆகும், உப்பு வட்டைக்கு உள்ளேயே வேறுபடும் அளவை மட்டும் வைத்துச் சோதிக்கப்படும். அதன் பின்பும் F நின்றால் முடிவை உறுதியாகச் சொல்லலாம். சரிந்துவிட்டால், உப்பின் விளைவையும் வட்டையின் மற்ற வேறுபாடுகளையும் இத்தரவால் பிரிக்க முடியவில்லை என்றே எழுத வேண்டும். அதைப் பிரிக்க வேண்டுமென்றால் ஒரே வட்டையில் வாவிக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள வயல்களைத் தேடி அளக்க வேண்டும்.

"முடிவை ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?"

இரண்டு மாதிரியுருக்களும் எவை, எத்தனை வயல்கள், F உம் அதன் இரு சுயாதீனப் படிகளும், p, R² இன் மாற்றம் ஆகியன வர வேண்டும். உதாரணமாக: "யூரியா, விதைத்த நாள், நெல் இனம் ஆகியன அடங்கிய மாதிரியுருவுடன் மூன்று உப்பு அளவீடுகளை ஒருங்கே சேர்த்தபோது, R² 0.613 இலிருந்து 0.700 ஆக உயர்ந்தது (F(3, 40) = 3.87, p = 0.016, n = 48). மின்கடத்துதிறன் உள்ளபோது சோடியமும் குளோரைட்டும் மேலதிகமாக எதையும் விளக்கியதற்குச் சான்று இல்லை (F(2, 40) = 0.70)." வட்டைகளைச் சேர்த்துக் கணித்த F ஐயும் அடுத்த வரியிலேயே கொடுங்கள்.